கடதாசி வேலை செய்யும் பிள்ளைகளின் ‘என்னைப் பற்றி’



கற்பிட்டியில் இருந்து முந்தல் வரைக்கும் நம் ஊர்களில் இப்போது வீட்டில் இருந்தபடியே மொழிபெயர்க்கும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அதிகமானோர் பெண் பிள்ளைகள். ஏ.எல். முடித்தவர்கள், சிங்களம் நன்றாகத் தெரிந்தவர்கள். இந்த வேலைக்கு இங்கே தேவை எப்போதும் உண்டு. 1990 இல் வடக்கில் இருந்து வந்த குடும்பங்களின் பழைய பத்திரங்கள் தமிழில். இங்குள்ள அலுவலகங்களில் இருந்து வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் சிங்களத்தில். அரசியலமைப்பில் இரண்டும் அரச கரும மொழிகள்தான். ஆனால் கையில் வரும் கடிதம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில்தான் இருக்கிறது.

அப்படியான ஒரு பிள்ளை தன் வேலைக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் திறக்க விரும்பினார். எங்களிடம் படித்த பிள்ளை. ‘என்னைப் பற்றி’ என்ற பகுதியையும், செய்த வேலைகளின் மாதிரிகளையும் பார்த்துத் தரச் சொன்னார். நாங்கள் இருவர், ஒருவர் தமிழும் மற்றவர் சிங்களமும் படிப்பிக்கிறோம். நாலைந்து பின்னேரங்கள் அவருடன் இருந்து பார்த்தோம். அதில் தெளிவானவற்றை இங்கே எழுதுகிறோம். இதே வேலை செய்யும் மற்றப் பிள்ளைகளுக்கும், அவர்களிடம் பத்திரங்களைக் கொடுக்கிற நமக்கும் இது உதவும்.

முதலில் அவர் எழுதி வைத்திருந்தது இது:

“மொழிகளின் மீது தீராத ஆர்வம் கொண்ட நான், தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் தரமான, விரைவான, நம்பகமான மொழிபெயர்ப்புச் சேவையை நியாயமான விலையில் வழங்கி வருகிறேன்.”

இதில் எழுத்துப் பிழை இல்லை. ஆனால் பெயரை மறைத்துவிட்டு வேறு யாருடைய பெயரைப் போட்டாலும் இது பொருந்தும். ‘தரமான’ என்று எழுதாத மொழிபெயர்ப்பாளர் எங்கே இருக்கிறார்? வாசிக்கிறவர் இதில் எதையும் சரிபார்க்க முடியாது.

அதனால் பக்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அவரிடம் வருகிறவர்கள் முதலில் என்ன கேட்கிறார்கள் என்று கேட்டோம். அவர் யோசிக்காமலே சொன்னார்: “இந்தக் கடதாசிய நீங்க செய்வீங்களா, எத்தன நாள் எடுக்கும், எவ்வளவு, வேற யாருக்கும் காட்டுவீங்களா, ஒபிஸ்ல ஏத்துக்கொள்வாங்களா. இந்த அஞ்சுதான் டீச்சர்.”

‘என்னைப் பற்றி’ பகுதியில் இருக்க வேண்டியது இந்த ஐந்துக்குமான பதில்தான். இவற்றில் கடைசிக் கேள்வியில்தான் பெரிய சிக்கல் இருந்தது.

பிள்ளையின் நானா பக்கத்தில் இருந்து சொன்னார்: “‘சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்’ என்டு போடுங்க. எல்லாரும் போடுறதுதானே. அது இல்லாட்டி யாரு வருவாங்க?”

தங்கைக்கு நல்லது நினைத்துத்தான் நானா அப்படிச் சொன்னார். ஆனால் அந்தப் பெயரை நினைத்தவர் எல்லாம் சூட்டிக்கொள்ள முடியாது. நம் நாட்டில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்பவர் முறையான நியமனம் பெற்று, சத்தியம் செய்து, தன் பெயர் பொறித்த முத்திரையுடன் வேலை செய்கிறவர். நீதிமன்றம், வெளிநாட்டுத் தூதரகம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்குப் போகும் பத்திரத்தில் அவருடைய கையொப்பமும் முத்திரையும் தேடப்படும். அது இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பு எவ்வளவு சரியாக இருந்தாலும் கோவை திரும்பி வரும். அங்கே நட்டப்படப்போவது மொழிபெயர்த்தவர் இல்லை. கட்டார் போக விசாவுக்குக் காத்திருக்கிற யாரோ ஒரு குடும்பத்தின் பிள்ளை. அவருடைய நாட்களும் காசும் போகும்.

ஆகவே பக்கத்தின் நடுவில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இப்படி ஒரு வசனம் எழுதச் சொன்னோம்: “நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் அல்ல. நீதிமன்றத்துக்கோ தூதரகத்துக்கோ கொடுக்கும் பத்திரம் என்றால் என்னிடம் தர வேண்டாம். யாரிடம் போக வேண்டும் என்று கேட்டால் சொல்வேன்.”

நானாவுக்கு இது பிடிக்கவில்லை. வருகிற ஆளை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்புகிற மாதிரி என்றார். ஆனால் முத்திரை தேவைப்படாத கடதாசிகளும் நிறைய இருக்கின்றன. பிரதேச சபைக்கு எழுதும் கடிதம், பாடசாலையில் இருந்து வந்த கடிதத்தின் பொருள், ஹோட்டலின் அறிவித்தல், சங்கத்தின் கூட்டக் குறிப்பு, காணிப் பிணக்கில் எதிர்த்தரப்பு அனுப்பிய கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அறிவது, இப்படிப் பல. இந்த வேலைகளைத் தேடி வருகிறவர்களுக்கு அந்த வசனம் தடையாக இருக்காது. எது தன் வேலை, எது தன் வேலை இல்லை என்று தெரிந்தவரிடம்தான் வந்திருக்கிறோம் என்று அவர்களுக்கு அது காட்டும்.

அடுத்தது ‘மும்மொழிகளிலும்’ என்ற சொல். மூன்று மொழிகள் என்றால் ஆறு திசைகள். சிங்களத்தில் இருந்து தமிழுக்குச் செய்வதும் தமிழில் இருந்து சிங்களத்துக்குச் செய்வதும் ஒரே வேலை இல்லை. வாசித்து விளங்குவது ஒன்று, பிழையில்லாமல் எழுதுவது வேறொன்று. இந்தப் பிள்ளை தமிழ் மொழி மூலம் படித்தவர். சிங்களத்தில் இருந்து தமிழுக்குச் செய்யும்போது அவருடைய கை தயங்குவதில்லை. சிங்களத்துக்குச் செய்யும்போது இடைக்கிடை நின்று யோசிக்கிறார். ஆங்கிலத்தில் வாசிப்பார், அவ்வளவுதான். அதனால் ஆங்கிலத்தை எடுத்துவிட்டோம். சிங்களத்துக்குச் செய்யும் வேலையைச் சிங்களம் தாய்மொழியான ஒருவர் வாசித்துத் திருத்துவது என்றும், அதற்கு ஒரு நாள் கூடுதலாகத் தேவை என்றும் முடிவு செய்தோம். அப்படியென்றால் இன்னொரு கண் அந்தக் கடதாசியைப் பார்க்கப் போகிறது. அதையும் பக்கத்தில் சொல்ல வேண்டும். ஆட்களின் பெயர், இலக்கம், விலாசம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் அவருக்கு அனுப்ப வேண்டும்.

கடைசியில் ‘என்னைப் பற்றி’ இப்படி வந்தது:

“நான் கற்பிட்டியில் வீட்டில் இருந்து வேலை செய்கிறேன். சிங்களத்தில் இருந்து தமிழுக்கும் தமிழில் இருந்து சிங்களத்துக்கும் மொழிபெயர்க்கிறேன். சிங்களத்துக்குச் செய்வதைச் சிங்களம் தாய்மொழியான ஒருவர் வாசித்துத் திருத்திய பின்னரே தருவேன். உங்கள் பெயர், இலக்கங்களை எடுத்துவிட்டுத்தான் அவருக்கு அனுப்புவேன். அலுவலகக் கடிதங்கள், விண்ணப்பங்கள், அறிவித்தல்கள், கூட்டக் குறிப்புகள் செய்கிறேன். நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் அல்ல. நீதிமன்றத்துக்கோ தூதரகத்துக்கோ கொடுக்கும் பத்திரம் என்றால் என்னிடம் தர வேண்டாம். யாரிடம் போக வேண்டும் என்று கேட்டால் சொல்வேன். கட்டணம் மூலத்தில் உள்ள சொற்களை எண்ணி, வேலை தொடங்க முன்னரே சொல்லப்படும். ஒரு பக்கக் கடிதம் தமிழுக்கு என்றால் அடுத்த நாள், சிங்களத்துக்கு என்றால் அதற்கு மறுநாள். வேலை முடிந்து 30 நாட்களில் உங்கள் கடதாசியின் பிரதியை என் போனிலும் கொம்பியூட்டரிலும் இருந்து அழித்துவிடுவேன்.”

கட்டணத்தைப் பக்கக் கணக்கில் சொல்லாததற்கும் காரணம் உண்டு. ஒரு பக்கத்தில் நூறு சொல்லும் இருக்கலாம், ஐந்நூறு சொல்லும் இருக்கலாம். மொழிபெயர்த்த பின் தமிழில் எண்ணினால் கணக்கு வேறாகும். சிங்களத்திலும் தமிழிலும் சொற்கள் ஒட்டிப் பிரியும் விதம் ஒன்று இல்லை. வந்த கடதாசியில் உள்ள சொற்களை எண்ணினால் வேலை தொடங்க முன்னரே இருவருக்கும் தொகை தெரியும். பிறகு பேச்சு வராது.

இனி மாதிரிகள். செய்த வேலையைக் காட்டாமல் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் மொழிபெயர்ப்பாளர் செய்த வேலை எல்லாம் அடுத்தவரின் கடதாசி. தையல்காரர் தைத்த சட்டையைப் படம் பிடித்துப் போடலாம், இது அப்படி இல்லை.

பிள்ளை முதலில் தெரிந்த ஒருவருக்காகச் செய்த பிறப்புச் சான்றிதழின் படத்தைப் போட நினைத்திருந்தார். பிள்ளையின் பெயரைப் போனில் கறுப்பு நிறத்தால் அழித்திருந்தார். நாங்கள் அந்தச் சான்றிதழில் மிச்சம் இருப்பதை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினோம். பதிவு இலக்கம், பிறந்த திகதியும் இடமும், தந்தையின் முழுப்பெயர், தாயின் முழுப்பெயர், இனம், பாட்டனின் பெயர், தகவல் கொடுத்தவரின் விலாசம். பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்ற கேள்வியும் அதற்கான பதிலும்கூட நம் பழைய சான்றிதழ்களில் இருக்கும். பிள்ளையின் பெயர் மட்டும் இல்லை, குடும்பமே இருக்கிறது. நம் ஊரில் பாட்டனின் பெயர் தெரிந்தால் வீட்டைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் எடுக்கும்?

அழிப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. போனில் உள்ள தடித்த பேனை சிலவற்றில் முழுக் கறுப்பு இல்லை. அது ஒரு மெல்லிய படலம். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் கீழே உள்ள எழுத்து தெரியும். பிடிஎப் கோப்பில் கறுப்புப் பெட்டி வைத்தால் அதற்குக் கீழே எழுத்து அப்படியே இருக்கும். பிரதி எடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் எல்லாம் வந்துவிடும். ஆகவே வாடிக்கையாளரின் கடதாசியை மறைத்துப் போடுவதே வேண்டாம் என்று தீர்மானித்தோம்.

அப்படியென்றால் எதைக் காட்டுவது? மூன்று வழிகள் கிடைத்தன.

ஒன்று, அரசாங்கத்தின் சட்டங்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, சட்டங்கள் போன்ற உத்தியோகபூர்வ வாசகங்களுக்குப் பதிப்புரிமை இல்லை. யாரும் எடுத்து மொழிபெயர்க்கலாம். பிள்ளை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவை, அரசாங்கத்தின் தமிழ்ப் பிரதியைப் பார்க்காமல், சிங்களத்தில் இருந்து தமிழாக்கினார். பிறகு அரசாங்கத்தின் தமிழ்ப் பிரதியுடன் ஒப்பிட்டு, தன் தமிழ் எங்கே வேறுபடுகிறது, ஏன் என்று கீழே எழுதினார். வாசிக்கிறவர் மூலத்தை எடுத்து அவரே பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு, அனுமதி பெற்ற ஓர் உண்மை வேலை. பள்ளிவாசல் நிர்வாகத்துக்காகத் தண்ணீர்க் குழாய் பற்றிப் பிரதேச சபைக்குச் சிங்களத்தில் எழுதிக் கொடுத்த கடிதம் ஒன்று இருந்தது. நிர்வாகத்திடம் வட்ஸ்அப்பில் எழுத்து மூலம் அனுமதி கேட்டு, ஆட்களின் பெயர்களை எடுத்துவிட்டு, புதிதாகத் தட்டச்சு செய்து போட்டார். படம் பிடித்துப் போடவில்லை.

மூன்று, கற்பனைப் பத்திரம். வெற்றுப் படிவத்தில் இல்லாத ஆட்களின் பெயர்களை எழுதி, அதை மொழிபெயர்ப்பது. மேலே ‘இதில் உள்ள ஆட்கள் கற்பனை’ என்று கொட்டை எழுத்தில் எழுத வேண்டும். நாங்கள் அதிக நேரம் செலவழித்தது இதில்தான். எடுத்துக்கொண்டது ஒரு முஸ்லிம் விவாகப் பதிவு.

அதில் மஹர் என்று ஓர் இடமும் கைக்கூலி என்று ஓர் இடமும் உண்டு. மஹர் மணமகன் மணமகளுக்குக் கொடுப்பது. கைக்கூலி பெண் வீட்டில் இருந்து மணமகனிடம் போவது. நமக்கு இது தெரியும். ஆனால் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ போகும்போது இரண்டையும் ‘சீதனம்’ என்ற பொருளில் ஒரே சொல்லால் எழுதிவிடுகிற மொழிபெயர்ப்புகளைப் பார்த்திருக்கிறோம். சிங்களத்தில் ‘தேவெத்த’ என்று இரண்டு இடத்திலும் போட்டால் யார் யாருக்குக் கொடுத்தார் என்பதே மாறிப்போகும்.

இது சொல் அழகு பற்றிய கதை இல்லை. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலியை, மணமகளின் பயனுக்காக மணமகனிடம் கொடுக்கப்படுவது என்று விளக்குகிறது. நாளைக்கு அந்த விவாகம் முறிந்தால், மஹரையும் கைக்கூலியையும் கேட்டுப் பெண் காதி நீதிமன்றத்துக்குப் போகலாம். இரண்டும் வேறு வேறு கோரிக்கைகள். அந்தப் பெண்ணின் பத்திரத்தை மொழி தெரியாத ஒரு சட்டத்தரணி மொழிபெயர்ப்பில் மட்டும் வாசிக்கிறார் என்று வையுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே சொல் இருந்தால், ஒரு கோரிக்கை இருப்பதே அவருக்குத் தெரியாமல் போகலாம்.

பிள்ளை தன் மாதிரியில் என்ன செய்தார் என்றால், மஹர், கைக்கூலி என்ற இரண்டு சொற்களையும் அப்படியே சிங்கள எழுத்தில் எழுதினார். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், ‘மணமகன் மணமகளுக்குக் கொடுப்பது’, ‘மணமகளின் பயனுக்காக மணமகனிடம் கொடுக்கப்படுவது’ என்று மொழிபெயர்ப்பாளர் குறிப்பு வைத்தார். கீழே மூன்று வரியில் காரணம் எழுதினார். அந்த மூன்று வரியை வாசிக்கிறவர், இந்தப் பிள்ளையிடம் என் கடதாசியைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று அறிந்துகொள்வார். ஐம்பது கடிதங்களின் படத்தைப் போட்டாலும் அது தெரியாது.

சிறிய சொற்களிலும் இப்படிக் குறிப்பு எழுதலாம். சிங்களக் கடிதத்தில் ‘ஹலாவத’ என்று வந்தால் தமிழில் சிலாபம். ‘ஹலாவத’ என்றே தமிழில் எழுதினால், தமிழ் மட்டும் தெரிந்தவர் எந்த ஊர் என்று திகைப்பார். ஊரில் ஜீ.எஸ்., விதானையார், கிராம சேவகர் என்று பலவாறு சொல்வோம். கடிதத்தில் கிராம உத்தியோகத்தர் என்று ஒரே விதமாக வர வேண்டும். ஆட்களின் பெயர்களுக்கோ வேறு விதி. மொழிபெயர்ப்பாளர் தனக்குச் சரி என்று பட்ட மாதிரி எழுதக்கூடாது. முஹம்மது, முகம்மது, மொஹமட் என்று ஒரே ஆளுக்கு மூன்று பத்திரத்தில் மூன்று விதமாக இருக்கும் ஊர் நம் ஊர். அடையாள அட்டையில் எப்படி இருக்கிறது என்று கேட்டு, அதன்படி எழுத வேண்டும். மூலத்தில் வேறு மாதிரி இருந்தால் அதைக் குறிப்பில் சொல்ல வேண்டும். திருத்துவது நம் வேலை இல்லை.

கற்பிட்டிக்காரர்களுக்கு ஒரு பழைய உதாரணம் சொல்கிறோம். 1807 இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, மணியகாரராகவும் சட்டநிரூபண சபை உறுப்பினராகவும் சிலாபத்தில் நீதிபதியாகவும் இருந்தவர். அந்தப் பதவிகளை இன்று யாரும் பெரிதாக நினைவில் வைத்திருப்பதில்லை. 1834 இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட இலங்கை கெசட்டியரை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். அது ஊர்களையும் இடங்களையும் அகர வரிசையில் விவரிக்கும் நூல். வாசிக்கிறவர் தனக்குத் தெரிந்த ஊரை எடுத்து, எழுதியவர் சரியாகச் சொல்கிறாரா என்று பார்க்கலாம். நல்ல மாதிரி என்பதும் அதுதான். வாசிக்கிறவர் தனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் வைத்துச் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

கடைசியாக, பக்கத்தின் சிங்களப் பிரதி. சிங்களம் பேசும் வாடிக்கையாளர் மாதிரிகள் வரைக்கும் போகமாட்டார். ‘என்னைப் பற்றி’ பகுதியின் முதல் நாலு வரியை வாசிப்பார். அவருக்கு அதுதான் மாதிரி. நம் பிள்ளைகள் சிங்களத்தில் அதிகம் சறுக்கும் இடம் ந, ண வேறுபாடும் ல, ள வேறுபாடும். பேச்சில் காதுக்குத் தெரியாது, எழுத்தில் உடனே கண்ணில் குத்தும். முதல் பிரதியில் அப்படி நாலு இடங்கள் இருந்தன. திருத்திய பின்னர்தான் பக்கம் திறக்கப்பட்டது.

திறந்து சில மாதங்கள் ஆகின்றன. அள்ளிக்கொண்டு வேலை வருகிறது என்று சொல்லமாட்டோம். ஆனால் வருகிறவர்கள் என்ன வேலை, எத்தனை நாள் என்று தெரிந்துகொண்டு வருகிறார்கள். விசாப் பத்திரத்துடன் வந்த இருவரைப் பிள்ளை சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் அனுப்பி வைத்தார். அதில் ஒருவர் பிறகு தன் மீனவர் சங்கத்தின் கூட்டக் குறிப்புகளைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். நானா இப்போது அந்த வசனத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

நம்மில் பத்திரம் கொடுக்கிறவர்களுக்கும் ஒன்று. கொடுக்க முன் மூன்றைக் கேளுங்கள். நீங்கள் சத்தியப்பிரமாணம் செய்தவரா, என் கடதாசியை வேறு யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள். கோபிக்காமல் பதில் சொல்கிறவரிடம் கொடுங்கள்.

இப்படிப் பக்கம் எழுதும் பிள்ளைகள் இருந்தால் எழுதியதை எங்களுக்கு அனுப்புங்கள். தமிழையும் சிங்களத்தையும் பார்த்துத் தருவோம், இன்ஷா அல்லாஹ். அனுப்பும்போது வாடிக்கையாளரின் கடதாசியை மட்டும் சேர்த்து அனுப்ப வேண்டாம்.